விற்காமல் போன அறுபது பாட்டில்கள்

பொருளாதாரம் படிக்கிறவர்கள் ப்ளஸ் டூவைத் தாண்டியதும் எப்படியும் எதிர்கொள்கிற ஒரு கேள்வி உண்டு. ஒரு படம் கொடுத்திருப்பார்கள். அதில் இரண்டு கோடுகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போகும். மேலிருந்து சரிந்து வருவது தேவைக் கோடு, கீழிருந்து ஏறுவது அளிப்புக் கோடு. நடுவில் அரசாங்கத்தின் வரி புகுந்து படத்தைத் துண்டு துண்டாக்கியிருக்கும். ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் எழுத்து. கீழே நான்கு விடைகள். ‘இந்த வரியால் உண்டாகும் டெட்வெயிட் லாஸ் எந்தப் பகுதி?’ என்பது கேள்வி. வீண் இழப்பு என்று வைத்துக்கொள்ளலாம். யாருக்கும் போய்ச் சேராமல் மறைந்துபோகிற பயன் அது.

வகுப்பில் இந்தப் படத்தைக் கரும்பலகையில் போட்டால் பலருடைய விரல் நேராகச் செவ்வகத்தின் மீதுதான் போய் நிற்கும். அந்தச் செவ்வகம் அரசாங்கத்துக்குக் கிடைத்த வரி வருவாய். ஏன் அதைக் காட்டுகிறார்கள் என்பது புரியக்கூடியதே. “சார், வாங்கறவங்க கையிலேருந்தும் கடைக்காரர் கையிலேருந்தும் காசு போயிருக்கே, அது நஷ்டம் இல்லையா?” என்று ஒரு மாணவி கேட்டாள். “அவங்களுக்கு நஷ்டம்தாம்மா. ஆனா அந்தக் காசு எரிஞ்சு போகலியே, கஜானாவுல இருக்கே” என்றேன். ரோடு போடவோ, சம்பளம் கொடுக்கவோ, வீணடிக்கவோ அது அங்கே கிடக்கிறது. ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறிய பணத்தைப் பொருளாதாரம் இழப்புக் கணக்கில் சேர்ப்பதில்லை. அப்படியென்றால் இழப்பு எங்கே இருக்கிறது என்று அவள் கேட்டதற்கு, இங்கிலாந்தின் பழைய வீடுகளைத்தான் காட்ட வேண்டியிருந்தது.

1696-இல் இங்கிலாந்தில் ஜன்னலுக்கு வரி போட்டார்கள். வருமானத்தைக் கண்டுபிடிப்பது கஷ்டம், ஜன்னலை எண்ணுவது சுலபம். தெருவில் நின்றபடியே எண்ணிவிடலாம். பெரிய வீட்டுக்காரர்களுக்கு ஜன்னல் அதிகம், ஆகவே வரியும் அதிகம் என்ற நியாயமும் அதில் இருந்தது. 1747-இல் விகிதங்களை மாற்றியபோது, பத்து முதல் பதினான்கு ஜன்னல் வரை உள்ள வீட்டில் ஒவ்வொரு ஜன்னலுக்கும் ஆறு பென்ஸ், பதினைந்து முதல் பத்தொன்பது வரை ஒன்பது பென்ஸ், இருபதும் அதற்கு மேலும் என்றால் ஒரு ஷில்லிங் என்று வைத்தார்கள். ஒன்பது ஜன்னல் உள்ள வீட்டுக்கு ஜன்னல் கணக்கில் வரி கிடையாது. பத்தாவது ஜன்னல் வைத்தால் பத்துக்கும் சேர்த்து அறுபது பென்ஸ், அதாவது ஐந்து ஷில்லிங், கட்ட வேண்டும். மக்கள் என்ன செய்தார்கள்? பத்தாவது ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்தார்கள். வாலஸ் ஓட்ஸ், ராபர்ட் ஷ்வாப் என்ற இரண்டு அமெரிக்கப் பொருளாதார அறிஞர்கள் அந்தக் காலத்து வரிப் பதிவுகளை எடுத்துப் பார்த்தபோது, ஒன்பது, பதினான்கு, பத்தொன்பது ஜன்னல் உள்ள வீடுகள் மட்டும் கணக்கில் குவிந்து கிடந்தன. வரம்புக்குச் சரியாக ஒன்று குறைவு.

அடைத்த அந்த ஜன்னலைப் பாருங்கள். அதற்காக வீட்டுக்காரர் வரி கட்டவில்லை. அரசாங்கத்துக்கு அதனால் ஒரு பென்னிகூட வரவில்லை. ஆனால் வீட்டுக்குள் வெளிச்சமும் காற்றும் போயின. ஒருவர் இழந்தார், அதை இன்னொருவர் பெறவே இல்லை. டெட்வெயிட் லாஸ் என்பது இதுதான். 1851-இல் அந்த வரியை நீக்கும்வரை அது நீடித்தது. ஆகவே படத்தில் பணம் எங்கே போனது என்று தேடக் கூடாது, வரி இல்லாமல் இருந்திருந்தால் நடந்திருக்கக்கூடிய எந்தக் காரியம் நடக்காமல் போனது என்று தேட வேண்டும்.

இனி படத்துக்கு வருவோம். தாளும் பென்சிலும் இருந்தால் கூடவே வரைந்துகொண்டு வாருங்கள், பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும். ஓர் ஊரில் ஒரு நாளைக்கு விற்கிற பன்னீர் சோடா என்று வைத்துக்கொள்வோம். கணக்குக்காக நான் வைத்துக்கொண்ட எண்கள்தான் இவை. செங்குத்து அச்சில் பாட்டிலின் விலை, கிடை அச்சில் பாட்டில்களின் எண்ணிக்கை. தேவைக் கோடு 60 ரூபாயில் தொடங்கிச் சரிகிறது. அளிப்புக் கோடு 20 ரூபாயில் தொடங்கி ஏறுகிறது. இரண்டும் 200 பாட்டில், 30 ரூபாய் என்ற இடத்தில் வெட்டிக்கொள்கின்றன. சூத்திரமாக எழுதினால் இப்படி:

தேவை: P = 60 − 0.15Q
அளிப்பு: P = 20 + 0.05Q

இந்தக் கோடுகளை வெறும் கோடுகளாகப் பார்ப்பதால்தான் குழப்பம் வருகிறது. தேவைக் கோட்டின் மீது ஏதாவது ஓர் இடத்தைத் தொட்டால், அந்தப் பாட்டிலுக்கு அதை வாங்குகிறவர் அதிகபட்சம் என்ன கொடுக்கத் தயாராக இருக்கிறார் என்பது தெரியும். அதே இடத்துக்கு நேர் கீழே அளிப்புக் கோட்டைத் தொட்டால், அந்தப் பாட்டிலைச் செய்து விற்க விற்பவருக்கு என்ன செலவு என்பது தெரியும். நூறாவது பாட்டிலை எடுத்துக்கொள்ளுங்கள். வாங்குகிறவர் 45 ரூபாய் வரை கொடுப்பார். விற்பவருக்கு அடக்கம் 25 ரூபாய். இடையில் இருக்கிற 20 ரூபாய்தான் அந்த ஒரு வியாபாரத்தால் ஊருக்குக் கிடைக்கிற பயன். விலை எவ்வளவு என்பது அந்த இருபதை இரண்டு பேருக்குள் எப்படிப் பங்கு போடுவது என்பதை மட்டுமே முடிவு செய்கிறது. வாங்குகிறவரின் பங்குக்கு நுகர்வோர் உபரி என்றும், விற்பவரின் பங்குக்கு உற்பத்தியாளர் உபரி என்றும் பெயர்.

இப்போது பாட்டிலுக்கு 12 ரூபாய் வரி. நூறாவது பாட்டிலுக்கு இதனால் ஆபத்தில்லை. இருபது ரூபாய் பயனில் பன்னிரண்டை அரசாங்கம் எடுத்துக்கொண்டாலும் எட்டு மிஞ்சும், வியாபாரம் நடக்கும். நூற்று எழுபதாவது பாட்டிலைப் பாருங்கள். வாங்குகிறவர் 34 ரூபாய் 50 காசு வரை தருவார். விற்பவரின் அடக்கம் 28 ரூபாய் 50 காசு. இடைவெளி ஆறு ரூபாய்தான். ஆறு ரூபாய் இடைவெளியில் பன்னிரண்டு ரூபாய் வரியை நுழைக்க முடியாது. ஆகவே அந்த வியாபாரம் நடக்காது. வாங்க இருந்தவர் தண்ணீர் குடித்துவிட்டுப் போவார். அந்த ஆறு ரூபாய்ப் பயன் அவருக்கும் இல்லை, கடைக்காரருக்கும் இல்லை, கஜானாவுக்கும் இல்லை.

எந்தப் பாட்டிலோடு வியாபாரம் நின்றுபோகும்? இரு கோடுகளுக்கும் இடையிலான உயரம் சரியாக 12 ரூபாயாக இருக்கிற இடத்தில். கணக்குப் போட்டால் அது நூற்று நாற்பதாவது பாட்டில். அங்கே தேவைக் கோடு 39 ரூபாயில் இருக்கிறது, அளிப்புக் கோடு 27 ரூபாயில். ஆகவே வரிக்குப் பிறகு வாங்குகிறவர் கொடுப்பது 39, விற்பவர் கையில் நிற்பது 27, நடுவில் இருக்கிற 12 அரசாங்கத்துக்கு. நூற்று நாற்பத்தொன்றிலிருந்து இருநூறு வரையுள்ள அறுபது பாட்டில்கள் விற்பனையிலிருந்து காணாமல் போகின்றன.

அந்த அறுபது பாட்டில்களின் இழந்த பயனை வரிசையாக நிறுத்திப் பாருங்கள். நூற்று நாற்பதை ஒட்டி இருக்கிற பாட்டிலில் ஏறக்குறைய பன்னிரண்டு ரூபாய் போயிற்று. நூற்று எழுபதில் ஆறு ரூபாய். இருநூறாவதில் ஒன்றுமில்லை, அது வரியில்லாத நாளிலேயே வாங்குகிறவருக்கும் விற்பவருக்கும் மிச்சம் எதுவும் தராத பாட்டில். இடப்பக்கம் உயரமாகத் தொடங்கி வலப்பக்கம் ஒரு முனையில் முடிகிற முக்கோணம் இப்படித்தான் பிறக்கிறது. அதன் பரப்பு, பன்னிரண்டை அறுபதால் பெருக்கி இரண்டால் வகுத்தால், 360 ரூபாய்.

இனி கேள்வித்தாளில் வருகிற எழுத்துகளைப் போடுவோம். 140 என்ற இடத்தில் ஒரு செங்குத்துக் கோடு, 39, 30, 27 ஆகிய விலைகளில் கிடைக்கோடுகள் என்று இழுத்தால் படம் ஆறு துண்டாகும். 39-க்கு மேலே தேவைக் கோடு வரைக்கும் இருக்கிற பெரிய முக்கோணம் அ. 39-க்கும் 30-க்கும் நடுவில், 140-க்கு இடப்பக்கம் இருக்கிற செவ்வகம் ஆ. அதை ஒட்டி வலப்பக்கம் இருக்கிற சிறு முக்கோணம் இ. 30-க்கும் 27-க்கும் நடுவில் இடப்பக்கச் செவ்வகம் ஈ. அதை ஒட்டி வலப்பக்கம் உள்ள இன்னும் சிறிய முக்கோணம் உ. 27-க்குக் கீழே மிஞ்சுகிற முக்கோணம் ஊ. விடைகள் இப்படி இருக்கும்:

(1) இ மட்டும்
(2) ஆ + ஈ
(3) இ + உ
(4) ஆ + இ + ஈ + உ

கேள்வி தயாரிக்கிறவர்கள் தவறான விடைகளைக் கண்ணை மூடிக்கொண்டு எழுதுவதில்லை. ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. இரண்டாவது விடை வரி வருவாய். 140 பாட்டிலுக்குத் தலா 12 வீதம் 1,680 ரூபாய். நான்காவது விடை கொஞ்சம் நுட்பமான பொறி. வாங்குகிறவர்களும் விற்பவர்களும் சேர்ந்து இழந்த மொத்தம் அதுதான், 2,040 ரூபாய். அவர்கள் இழப்பை மட்டும் கூட்டிவிட்டு, அதில் பெரும்பகுதி அரசாங்கத்திடம் இருக்கிறது என்பதைக் கழிக்க மறந்தவர் அங்கே போய் விழுவார். முதல் விடை, வரி என்றால் வாங்குகிறவர்தானே கட்டுகிறார் என்று நினைத்தவருக்கு. இ என்பது வாங்குகிறவர்கள் பக்கத்து இழப்பு, 270 ரூபாய். விற்காமல் போன பாட்டிலில் விற்பவருக்கும் பங்கு இருந்ததே, அது உ, 90 ரூபாய். இரண்டும் சேர்ந்த மூன்றாவது விடைதான் சரி.

நம்பிக்கை வராதவர்கள் முழுக் கணக்கைப் பார்க்கலாம். வரிக்கு முன்னால் நுகர்வோர் உபரி 3,000, உற்பத்தியாளர் உபரி 1,000, ஆக மொத்தம் 4,000 ரூபாய். வரிக்குப் பிறகு நுகர்வோருக்கு 1,470, உற்பத்தியாளருக்கு 490, அரசாங்கத்துக்கு 1,680, கூட்டினால் 3,640. துண்டு விழுகிற 360 ரூபாய் யார் கணக்கிலும் வரவில்லை.

இதுவரை வந்தது எளிய வடிவம். பாடப் புத்தகங்களும் தேர்வுகளும் அதிகமாக விரும்புவது இன்னொரு வடிவத்தை. வரியை விற்பவர் கட்ட வேண்டும் என்று சொல்லி, அளிப்புக் கோட்டை அப்படியே 12 ரூபாய் மேலே தூக்கி, இணையாக இன்னொரு கோடு வரைந்திருப்பார்கள். அதற்கு ‘அளிப்பு + வரி’ என்று பெயர். இது 32 ரூபாயில் தொடங்கி, தேவைக் கோட்டை 140 பாட்டில், 39 ரூபாயில் வெட்டும். வரியை வாங்குகிறவர் கட்ட வேண்டும் என்று சொன்னால் தேவைக் கோட்டைக் கீழே இறக்கி வரைவார்கள். எப்படி வரைந்தாலும் 140 பாட்டில்தான், 39-உம் 27-உம்தான், அதே முக்கோணம்தான். பில்லில் வரி யார் பெயரில் போகிறது என்பது முக்கோணத்தை அசைப்பதில்லை.

ஆனால் மூன்றாவது கோடு வந்ததும் படத்தில் புதிதாக ஒரு முக்கோணம் முளைக்கிறது. ‘அளிப்பு + வரி’ கோட்டை 140-ஓடு நிறுத்தாமல் 200 வரை நீட்டிப் பாருங்கள். அங்கே அது 42 ரூபாயில் இருக்கும். இப்போது 140-இல் 39, 200-இல் 30, 200-இல் 42 என்ற மூன்று புள்ளிகளை இணைத்தால் ஒரு முக்கோணம். தேவைக் கோட்டுக்கு மேலே, புதிய அளிப்புக் கோட்டுக்குக் கீழே, பளிச்சென்று தெரிகிற இடத்தில் இருக்கிறது. நன்றாகப் படித்த மாணவர்கள்கூட இதைத் தேர்ந்தெடுப்பார்கள். புதிய கோட்டுக்கும் பழைய புள்ளிக்கும் நடுவில் இருக்கிறதே, இதுதான் இழப்பாக இருக்கும் என்று தோன்றிவிடும்.

இதில் கொடுமை என்னவென்றால், அந்தத் தவறான முக்கோணத்தின் பரப்பும் 360-தான். இரு அளிப்புக் கோடுகளும் இணையானவை என்பதால் 140-க்கும் 200-க்கும் இடையில் ஓர் இணைகரம் உருவாகிறது, தேவைக் கோடு அதன் மூலைவிட்டமாக ஓடி அதைச் சமமாக இரண்டாகப் பிளக்கிறது. ஆகவே எண்ணைக் கேட்கிற கேள்வியில் தவறான முக்கோணத்தை அளந்தவருக்கும் மதிப்பெண் கிடைத்துவிடும். தான் பிசகியிருக்கிறோம் என்பதே அவருக்குத் தெரியாது. எழுத்தைக் கேட்கிற கேள்வியில்தான் குட்டு வெளிப்படும்.

இரண்டையும் பிரித்தறிய இரண்டு இடங்களைப் பார்த்தால் போதும். வீண் இழப்பு முக்கோணத்தின் நெட்டுப் பக்கம் வரிக்குப் பின் விற்கிற அளவில், அதாவது 140-இல், நிற்கும். அதன் கூர்முனை வரிக்கு முந்தைய சமநிலைப் புள்ளியைத் தொடும். பொறி முக்கோணத்தில் இது தலைகீழாக இருக்கும். நெட்டுப் பக்கம் பழைய அளவான 200-இல், முனை புதிய புள்ளியில். காரணத்தையும் மறந்துவிடாதீர்கள். நாம் தேடுவது வாங்குகிறவரின் மதிப்புக்கும் விற்பவரின் உண்மையான அடக்கத்துக்கும் நடுவில் இருக்கிற இடைவெளி. ஆகவே மேல்விளிம்பு தேவைக் கோடாகவும் கீழ்விளிம்பு பழைய அளிப்புக் கோடாகவும்தான் இருக்க முடியும். வரி சேர்த்த கோடு அடக்கத்தைக் காட்டுவதில்லை. அதை எல்லையாகக் கொண்ட எந்த முக்கோணமும் இந்தக் கேள்விக்கு விடையாகாது.

அடுத்து வரக்கூடிய கேள்வி, வரியை இரட்டிப்பாக்கினால் என்ன ஆகும் என்பது. 12 ரூபாய் 24 ரூபாய் ஆனால் இழப்பும் இரண்டு மடங்கு என்று அவசரத்தில் குறித்துவிடுவார்கள். நம் சோடாவில் போட்டுப் பார்ப்போம். 24 ரூபாய் வரியில் விற்பனை 80 பாட்டிலுக்கு இறங்குகிறது. காணாமல் போனவை 120. முக்கோணத்தின் பரப்பு 24-ஐ 120-ஆல் பெருக்கியதில் பாதி, 1,440 ரூபாய். 360-இன் நான்கு மடங்கு. வரி இரட்டிப்பானதும் முக்கோணம் உயரத்திலும் இரட்டிப்பு, அகலத்திலும் இரட்டிப்பு. வருவாயோ 1,680-இலிருந்து 1,920-க்குத்தான் போயிருக்கிறது. கூடுதலாக 240 ரூபாய் வசூலிக்க, கூடுதலாக 1,080 ரூபாய்ப் பயனை ஊர் இழந்திருக்கிறது. 20 ரூபாய் வரியில் 2,000 ரூபாய் என்பதுதான் இந்தச் சந்தையில் அரசாங்கம் எட்டக்கூடிய உச்சம். அதற்கு மேலே போனால் வருவாய் குறைந்துகொண்டே வரும்.

வரியின் வர்க்கத்தோடு இழப்பு வளர்கிறது என்ற இந்தக் கண்டுபிடிப்பு இன்று நேற்றையது அல்ல. பாலமும் சாலையும் கட்டிய ஜூல் துப்புய் என்ற பிரெஞ்சுப் பொறியாளர் 1844-இலேயே எழுதிவிட்டார். பாலத்தில் சுங்கம் கூடினால் எத்தனை பேர் கடக்காமல் திரும்பிப் போகிறார்கள் என்பது அவருடைய கவலை. வரியை இன்று நாம் போடுகிற மாதிரி இரு கோடுகளை வைத்து ஆராய்ந்த முன்னோடிகளில் ஒருவர் ஃப்ளீமிங் ஜென்கின். கடலுக்கடியில் தந்திக் கம்பி போட்டவர், அவரும் பொறியாளர்தான். பொருளாதாரத்துக்காரர்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது பொறியாளர்கள் வந்து படம் போட்டுக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். பின்னாளில் சிகாகோவின் ஆர்னால்டு ஹார்பர்கர் நிஜப் பொருளாதாரத்தில் இந்த முக்கோணங்களை அளக்க முனைந்ததால், முக்கோணத்துக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது.

கோடுகளின் சரிவை வைத்தும் கேள்வி வரும். வரி ஏறினாலும் வாங்குவதைக் குறைக்க முடியாத பொருள் என்றால் தேவைக் கோடு கிட்டத்தட்ட நெட்டுக்குத்தாக நிற்கும். அதே 12 ரூபாய் வரியில் விற்பனை 200-இலிருந்து 190-க்குத்தான் இறங்கியது என்று வைத்துக்கொண்டால் வீண் இழப்பு வெறும் 60 ரூபாய். முற்றிலும் நெட்டுக்குத்தான கோடு என்றால் பூஜ்யம். ‘வரி முழுவதையும் நுகர்வோரே சுமக்கிறார்கள், ஆகவே இழப்பு மிக அதிகம்’ என்று ஒரு விடை அங்கே காத்திருக்கும். யார் சுமக்கிறார்கள் என்பது ஒரு கேள்வி, எத்தனை வியாபாரம் அழிந்தது என்பது வேறு கேள்வி. விற்பனை குறையவில்லை என்றால் முக்கோணம் கிடையாது.

ஆனால் முக்கோணம் சிறியது என்றால் வரி நல்லது என்று அர்த்தமில்லை. உப்பை எடுத்துக்கொள்ளுங்கள். விலை ஏறியது என்பதற்காக யாரும் உப்பில்லாமல் சாப்பிடப் போவதில்லை. படத்தை மட்டும் பார்த்தால், வெள்ளைக்காரன் போட்ட உப்பு வரி வீண் இழப்பு குறைந்த வரியாகத்தான் தெரியும். 1930-இல் ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்தவர்களிடம் அந்தப் படத்தைக் காட்டியிருந்தால் கிழித்துப் போட்டிருப்பார்கள், அதில் நியாயமும் இருந்திருக்கும். கூலிக்காரரும் ஜமீன்தாரும் ஏறக்குறைய ஒரே அளவு உப்புதான் வாங்குகிறார்கள். வரி யாரைக் கசக்குகிறது என்பதை முக்கோணம் சொல்லாது. எவ்வளவு பயன் யாருக்கும் கிடைக்காமல் போனது என்பதை மட்டும் சொல்லும். வரியை வசூலிக்கிற ஆபீஸ் செலவும், கணக்கு எழுதுகிற வியாபாரியின் நேரமும்கூட அதற்குள் அடங்கவில்லை.

கடைசியாக ஒன்று. பொறி முக்கோணம் என்று மேலே ஒதுக்கிவைத்தோமே, 200-இல் நெட்டுப் பக்கம் நிற்கிற அந்த முக்கோணம், அதுவே சரியான விடையாகிற கேள்வியும் உண்டு. படத்தின் மேல்கோட்டுக்கு ‘அளிப்பு + வரி’ என்பதற்குப் பதிலாக ‘சமூகச் செலவு’ என்று பெயர் போட்டிருப்பார்கள். ஒவ்வொரு பாட்டிலும் வாங்காதவர், விற்காதவர் மேல் 12 ரூபாய்க்குப் பாதிப்பை ஏற்றுகிறது என்று பொருள். தொழிற்சாலைப் புகை, சிகரெட், ஆற்றில் கலக்கும் கழிவு எல்லாம் இந்த வகை. அப்போது அந்த உயர்ந்த கோடே உண்மையான அடக்கம். வரி இல்லாத சந்தையில் விற்கிற கடைசி அறுபது பாட்டில்கள் தரும் பயனைவிட அவற்றின் செலவு அதிகம். வீண் இழப்பு வரி போடாததால் வருகிறது. 12 ரூபாய் வரி போட்டால் விற்பனை 140-க்கு இறங்கி அந்த இழப்பு நீங்குகிறது. இ, உ என்ற பழைய முக்கோணத்துக்கு அங்கே வேலையே இல்லை.

கோடுகளும் எண்களும் அப்படியே இருக்க, ஒரு கோட்டின் பெயர் மாறியதால் விடை இடப்பக்க முக்கோணத்திலிருந்து வலப்பக்க முக்கோணத்துக்குத் தாவிவிடுகிறது. தேர்வுக்குப் போகிறவர்கள் நான்கு விடைகளைப் பார்ப்பதற்கு முன்னால், படத்தில் மூன்றாவது கோடு இருந்தால் அதன் ஓரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துவிடுங்கள்.